கிண்ணத்துக்குப் பாதி, வெளிக்குப் பாதி

வாய் அகலம் 20 சென்டிமீட்டர், நடுவில் ஆழம் 12 சென்டிமீட்டர் உள்ள ஒரு கிண்ணம். அதே அகலமும் அதே உயரமும் கொண்ட, சுவர் செங்குத்தாக நிற்கிற ஒரு பாத்திரம். கிண்ணத்தைப் பாத்திரத்துக்குள் இறக்கினால் அடி அடியைத் தொடுகிறது. விளிம்பு விளிம்போடு பொருந்துகிறது. கிண்ணத்தின் தகடு மிக மெல்லியது, தடிமனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்போது பாத்திரத்துக்குள் தண்ணீர் ஊற்ற இரண்டு இடங்கள் இருக்கின்றன: கிண்ணத்தின் உள்ளே ஒன்று, கிண்ணத்துக்கும் பாத்திரச் சுவருக்கும் இடையே ஒன்று. எதில் அதிகம் பிடிக்கும்?

பக்கவாட்டில் வெட்டினாற்போல ஒரு படம் வரைந்து பார்த்தால் கிண்ணத்தில்தான் என்று அடித்துச் சொல்லத் தோன்றும். படத்தில் கிண்ணம் மூன்றில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே மிஞ்சுவது இரண்டு ஓரங்களிலும் ஒல்லியாக ஆளுக்கொரு துண்டுதான். ஆனால் ஊற்றி அளந்தால் இரண்டும் சமம். உள்ளே 1,885 மில்லிலிட்டர், வெளியேயும் 1,885 மில்லிலிட்டர்.

ஒரு நிபந்தனை உண்டு. கிண்ணம் பரவளைய வடிவத்தில் இருக்க வேண்டும். பரவளையம் என்பது பள்ளிக்கூடத்தில் வரைந்த அந்த வளைகோடுதான். அதை அதன் நடு அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுழற்றினால் கிடைக்கும் வடிவமே இந்தக் கிண்ணம். டார்ச் விளக்கில் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான குழியும் மொட்டைமாடி டிஷ் ஆன்டெனாவும் இந்தக் குடும்பம். இதன் விதி எளிது: அடியிலிருந்து ஏறும் உயரம் 4 மடங்கானால் அகலம் 2 மடங்காகும், உயரம் 9 மடங்கானால் அகலம் 3 மடங்கு. அதாவது உயரம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, அதே விகிதத்தில் ஆரத்தின் வர்க்கம் கூடும். ஆரம் கூடுவதில்லை, ஆரத்தின் வர்க்கம் கூடுகிறது. மொத்தக் கணக்கும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

சமையலறையில் இருக்கும் கிண்ணம் இந்த வகைதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆழத்தில் கால் பங்குக்கு, நம் கிண்ணத்தில் 3 சென்டிமீட்டர் வரை, தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு அகலம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். வாய் அகலத்தில் சரிபாதி, அதாவது 10 சென்டிமீட்டர் இருந்தால் பரவளையம். அரைக்கோளமாக இருந்தால் அதே கால் ஆழத்தில் வாய் அகலத்தில் 66 சதவீதம் வந்துவிடும். கூம்பாக இருந்தால் 25 சதவீதத்தைத் தாண்டாது. கடையில் வாங்கும் கிண்ணங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். மேசையில் ஆடாமல் நிற்கவேண்டி அடியைத் தட்டையாக்கிவிடுகிறார்கள், அங்கேயே வடிவம் கெட்டுவிடுகிறது.

சரி, பாதி எங்கிருந்து வருகிறது? கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை, நாணயங்களை அடுக்கியதுபோல, கிடைமட்டமான வில்லைகளாக நினைத்துக்கொள்வோம். அடியில் சின்ன வில்லை, மேலே போகப் போகப் பெரிய வில்லை. ஒரு வில்லையின் பரப்பு π பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். ஆரத்தின் வர்க்கம் உயரத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது என்பது தெரிந்ததே. அப்படியானால் வில்லையின் பரப்பும் உயரத்தோடு நேர்விகிதத்தில் கூடியாக வேண்டும். 12 சென்டிமீட்டர் உயரத்தில், விளிம்பில், பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். பாதி உயரத்தில் 157. கால் உயரத்தில் 78.5. சுவர் வளைந்து வளைந்து போனாலும் பரப்பு நேர்கோட்டில் ஏறுகிறது. கிண்ணத்தின் வளைவு கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது.

இதை முதலில் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். கிண்ணத்தை 2 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆறு அடுக்குகளாகப் பிரிப்போம். ஒவ்வோர் அடுக்கிலும் சுவர் சாய்வாக இருப்பதால் வில்லையின் மேல்முகம் பெரிதாகவும் கீழ்முகம் சிறிதாகவும் இருக்கும். எதை எடுப்பது? இரண்டையும் எடுத்துப் பார்ப்போம். ஒவ்வோர் அடுக்குக்கும் மேல்முகத்தை வைத்து நேர்ச்சுவர் வில்லை செய்தால் அவை கிண்ணத்துக்கு வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். மொத்தம் 2,199 கன சென்டிமீட்டர். கீழ்முகத்தை வைத்துச் செய்தால் எல்லா வில்லைகளும் கிண்ணத்துக்கு உள்ளேயே அடங்கும். மொத்தம் 1,571. உண்மையான கன அளவு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

இடைவெளி 628. இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விளிம்பின் பரப்பு 314, அடுக்கின் உயரம் 2, பெருக்கினால் 628. உயர்ந்த கணக்குக்கும் தாழ்ந்த கணக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சரியாக மேலே உள்ள ஒரே ஒரு பெரிய வில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஓர் அடுக்கின் மேல்முகம்தான் அதற்கு மேலே உள்ள அடுக்கின் கீழ்முகம். ஆகவே வெளிவில்லைகளின் வரிசையும் உள்வில்லைகளின் வரிசையும் ஒன்றேதான், ஒரு படி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எல்லாம் அடிபட்டு, உச்சியில் உள்ள ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. அடுக்குகளைப் பன்னிரண்டாக்கினால் அந்த மிச்ச வில்லையின் உயரம் பாதியாகும்: 2,042க்கும் 1,728க்கும் நடுவே உண்மை அகப்பட்டுக்கொள்கிறது. ஆயிரம் அடுக்கு போட்டால் இடைவெளி 4 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. எவ்வளவு சின்ன இடைவெளி வேண்டும் என்று யார் கேட்டாலும் அதற்கேற்ப மெல்லியதாக நறுக்கிக் காட்டிவிடலாம்.

தொகையிடல் செய்வது இந்த நறுக்கும் வேலையை முடிவுவரை கொண்டுபோவதுதான். அடியிலிருந்து y உயரத்தில் ஆரத்தின் வர்க்கம் R²y/h என்று எழுதிக்கொள்வோம். R என்பது வாய் ஆரம், h என்பது ஆழம். மிக மெல்லிய ஒரு வில்லையின் கன அளவு அதன் பரப்பையும் dy என்ற தடிமனையும் பெருக்கினால் வரும். எல்லா வில்லைகளையும் கூட்டினால்:

V = ∫₀ʰ π (R²y/h) dy = (πR²/h) × (h²/2) = ½ πR²h

வலப்பக்கத்தில் நிற்கும் πR²h உருளையின் கன அளவு. முன்னால் உள்ள ½ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், y என்பதைத் தொகையிடும்போது வந்த h²/2 என்பதிலிருந்து. அது ஒரு செங்கோண முக்கோணத்தின் பரப்பு. வில்லைகளின் பரப்பு சுழியில் தொடங்கி நேர்கோட்டில் ஏறுகிறது, உருளையின் பரப்போ தொடக்கத்திலிருந்தே முழு அளவில் நிற்கிறது. ஒன்று முக்கோணம், மற்றது அதை அடக்கிய செவ்வகம். முக்கோணம் செவ்வகத்தில் பாதி என்பது ஆறாம் வகுப்புப் பாடம்.

நேர்கோட்டில் ஏறுவதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. சராசரிப் பரப்பு எது என்று தேட வேண்டியதில்லை, அது நட்ட நடு உயரத்தில் இருக்கும் பரப்புதான். 6 சென்டிமீட்டர் உயரத்தில் குறுக்கே அளந்தால் அகலம் 14.14 சென்டிமீட்டர், பரப்பு 157, ஆழமான 12 ஆல் பெருக்கினால் 1,885 வந்துவிடுகிறது. ஒரே ஓர் அளவில் வேலை முடிந்தது. வனத்துறையினர் மரக்கட்டையின் நடுச் சுற்றளவை மட்டும் எடுத்து, அதிலிருந்து வரும் குறுக்குப் பரப்பை நீளத்தால் பெருக்கும் ஹூபர் சூத்திரம் இதே கணக்குத்தான். நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் அடிமரத்தை அவர்கள் தலை வெட்டப்பட்ட பரவளையமாக வைத்துக்கொள்கிறார்கள். மரம் அப்படி இல்லாமல் வேர்ப்பக்கம் சட்டென்று பெருத்திருந்தால் சூத்திரம் குறைத்துக் காட்டும்.

இனி, படத்தில் மூன்றில் இரண்டு பங்காகத் தெரிந்தது ஊற்றும்போது பாதியாகச் சுருங்கியது எப்படி என்ற கேள்வி. கண் ஏமாறவில்லை, கிண்ணத்தின் பக்கவாட்டுப் படம் செவ்வகத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்புவது உண்மைதான். அச்சுக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டால் செவ்வகம் 120 சதுர சென்டிமீட்டர். அதில் கிண்ணத்தின் பகுதி 80, வெளிப்பகுதி 40. ஆனால் கன அளவு வருவது இந்தப் படத்தைச் சுழற்றும்போது. சுழலும்போது அச்சுக்கு அருகில் உள்ள பகுதி சின்ன வட்டம் போடுகிறது, தள்ளி இருக்கும் பகுதி பெரிய வட்டம் போடுகிறது. கிண்ணத்தின் பகுதி பெரும்பாலும் அச்சை ஒட்டியே இருக்கிறது. அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 3.75 சென்டிமீட்டர் தூரத்தில். வெளிப்பகுதியின் மையம் 7.5 சென்டிமீட்டர் தூரத்தில். பரப்பு பாதி, ஆனால் சுற்றிவரும் தூரம் இரட்டை. பாதியும் இரட்டையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. பரப்பையும் அதன் மையம் சுற்றிவந்த தூரத்தையும் பெருக்கினால் கன அளவு என்பது அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த பாப்பஸின் பெயரால் வழங்கும் தேற்றம். அதன்படி 80 × 23.56 ஆனாலும் 40 × 47.12 ஆனாலும் விடை 1,885.

அதே வளைகோட்டைச் சுழற்றாமல் நேராக இழுத்தால் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நிற்கும். உதகையில் மலைச்சரிவில் இருக்கும் வானொலித் தொலைநோக்கி அப்படி இழுத்த வடிவம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970 முதல் இயங்கிவரும் அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வட்டக் கிண்ணம் இல்லை, நீண்ட தொட்டி. குறுக்கே எங்கு வெட்டினாலும் ஒரே பரவளையம். அதை ஒரு பெட்டிக்குள் வைத்தால் பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தொட்டிக்குச் சொந்தம். (கம்பிகளால் ஆன பரப்பு என்பதால் தண்ணீர் நிற்காது; கணக்குக்காகத்தான் சொல்கிறேன்.) பரவளையம் என்ற பேரைக் கேட்டதும் பாதி என்று எழுதிவிடக் கூடாது. சுழற்றியதா, இழுத்ததா என்று பார்க்க வேண்டும்.

சுழற்றியது என்றால் எந்த அச்சைச் சுற்றி என்பதும் முக்கியம். பிளஸ் டூ கணிதத்தில் விடைத்தாள்களைக் கெடுக்கும் இடம் இதுதான். சுழற்சிக் கன அளவு என்றதும் π∫y²dx என்று கை தானாக எழுதிவிடும். அது கிடைமட்ட அச்சைச் சுற்றுவதற்கான சூத்திரம். நம் வளைகோட்டை அப்படிச் சுழற்றினால் கிண்ணம் வராது, படுக்கவைத்த எக்காளம்போல் ஒரு வடிவத்தின் கணக்கு வரும். விடை 905 கன சென்டிமீட்டர். தப்பு என்று கண்டுபிடிக்க விடைப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். அதே வாயும் அதே ஆழமும் உள்ள ஒரு கூம்பு நம் கிண்ணத்துக்குள் முழுசாக அடங்கிவிடும். கூம்பின் கன அளவு உருளையில் மூன்றில் ஒன்று, 1,257. கூம்பையே உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் கிண்ணம் கூம்பைவிடச் சிறியதாக இருக்க முடியாது. எந்தக் கிண்ணக் கணக்கிலும் விடை 1,257க்கும் 3,770க்கும் நடுவே விழாவிட்டால் அச்சைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் வேண்டுமென்றே வேறோர் அச்சை எடுத்தார். பரவளையத்தை அதன் நடு அச்சுக்குச் செங்குத்தான கோட்டைச் சுற்றிச் சுழற்றி, அது தன்னை அடக்கிய உருளையில் 15இல் 8 பங்கு என்று காட்டினார். பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அங்கே பரப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதால் அடுத்தடுத்த எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டும் வழியை அவர் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

நேரான அச்சுக்கு, பாதி என்ற விடை அதற்கும் வெகு முன்பே தெரியும். சிராகூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அதை இரண்டு முறை நிறுவினார். ஒன்று, நாம் மேலே பார்த்த உள்வில்லை, வெளிவில்லை முறை. கூம்புருக்களும் கோளவுருக்களும் பற்றிய நூலில் இருக்கிறது. கிண்ணம் தன்னுள் அடங்கும் கூம்பில் ஒன்றரை மடங்கு என்று அவர் சொன்னார், கணக்கு ஒன்றுதான். இன்னொன்று தராசால் செய்தது. எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது.

ஒரு தராசுக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்குபுள்ளி. வலது கைமேல் உருளையையும் கிண்ணத்தையும் படுக்கைவாட்டில் வையுங்கள், இரண்டின் அச்சும் கோலோடு சேர்ந்திருக்க வேண்டும், கிண்ணத்தின் அடிநுனி தாங்குபுள்ளியில் இருக்க வேண்டும். தாங்குபுள்ளியிலிருந்து 3 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டையும் வெட்டுவோம். உருளையின் வில்லை 314, கிண்ணத்தின் வில்லை 78.5. கிண்ணத்தின் வில்லையை மட்டும் எடுத்து, இடது கையில் 12 சென்டிமீட்டர் தூரத்தில் தொங்கவிடுவோம். இடப்பக்கம் 78.5 × 12 = 942. வலப்பக்கம், இருந்த இடத்திலேயே இருக்கும் உருளை வில்லை, 314 × 3 = 942. தராசு சமநிலையில் நிற்கிறது. எந்தத் தூரத்தில் வெட்டினாலும் இப்படியே நிற்கும்; கிண்ண வில்லையின் பரப்பு தூரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதுதான் காரணம். ஒவ்வொரு வில்லையாக எல்லாவற்றையும் மாற்றி முடித்தால், இடது பக்கம் 12 சென்டிமீட்டர் தூரத்தில் முழுக் கிண்ணமும் ஒரே புள்ளியில் தொங்குகிறது. வலது பக்கம் முழு உருளை. அதன் எடை 6 சென்டிமீட்டர் தூரத்தில், தன் நடுவில் அழுத்துகிறது. இரட்டைத் தூரத்தில் தொங்கி உருளையைச் சமன் செய்யும் கிண்ணத்தின் எடை உருளையில் பாதியாகத்தான் இருக்க முடியும்.

எரடோஸ்தெனிசுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வழியை விளக்கிய ஆர்க்கிமிடீஸ், இது விடையைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், நிரூபணமாகாது என்ற கருத்தில் இருந்தார். அந்தக் கடிதத்தின் எழுத்துகளை 13ஆம் நூற்றாண்டில் யாரோ சுரண்டியெடுத்துவிட்டு, அதே தோல்தாள்களில் பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் கான்ஸ்டாண்டிநோபிளில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, பிரார்த்தனை வரிகளுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த கணிதத்தைப் படித்தெடுத்தார். 1998இல் நியூயார்க்கில் அது 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

திரும்ப அடுக்களைக்கு வருவோம். மொத்தக் கொள்ளளவு பாதி என்பது வேறு, பாதி ஆழம் என்பது வேறு. கிண்ணத்தில் 6 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நின்றால் அது பாதிக் கிண்ணம் இல்லை, கால் கிண்ணம்: 471 மில்லிலிட்டர்தான். தண்ணீரின் உயரம் பாதியாகும்போது பரப்பும் பாதியாகிவிடுவதால் கொள்ளளவு கால் பங்காகிறது. பாதி கொள்ளளவு வேண்டுமென்றால் 8.5 சென்டிமீட்டர் வரை ஊற்ற வேண்டும். ஒரே சீராக விழும் குழாயடியில் கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பாதி ஆழம் 15 விநாடியில் வந்துவிடும். மீதிப் பாதி ஆழத்துக்கு 45 விநாடி காத்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறு, அளவுகோலை வெளியே வைத்து அளப்பது. அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள பீங்கான் கிண்ணத்தை வெளியே 20, 12 என்று அளந்து கணக்குப் போட்டால் 1,885 வரும். உள்ளே அளந்தால் அகலம் 19, ஆழம் 11.5, கொள்ளளவு 1,630. ஒரு தம்ளர் தண்ணீர் கணக்கில் மட்டும் இருந்து கிண்ணத்தில் இல்லாமல் போகிறது. ஆரம் வர்க்கமாக ஏறுவதால் அகலத்தில் விடும் சிறு பிழை இரட்டிப்பாகி வந்து நிற்கும். ஆழத்தில் விடும் பிழை அப்படியே வரும். எனவே நேரம் எடுத்துக்கொண்டு அளக்க வேண்டியது அகலத்தைத்தான்.

இதுவரை கிண்ணத்தை நாம் செய்தோம். தண்ணீரே செய்துகொள்ளும் பரவளையக் கிண்ணமும் உண்டு. ஒரு நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதைச் சுழலும் மேடைமேல் சீராகச் சுற்றவிட்டால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்கப் பாத்திரத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். நடுவில் மட்டம் இறங்கி ஓரத்தில் ஏறும். அந்தக் குழி துல்லியமான பரவளையம். அச்சிலிருந்து விலக விலக வெளித்தள்ளும் விசை தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. மேற்பரப்பின் சாய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. சாய்வு அப்படிக் கூடும் வளைகோடு பரவளையம் மட்டுமே. குழியின் ஆழம் ω²R²/2g. இதில் ω சுழல் வேகம், g புவியீர்ப்பு முடுக்கம். திரவத்தின் அடர்த்திக்கு இதில் வேலையே இல்லை.

இங்கே நம் பாதி நேரடியாகக் கண்ணில் படும். குழி தன்னை அடக்கிய உருளையில் பாதி என்பதால், நடுவில் மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ ஓரத்தில் மிகச் சரியாக அவ்வளவே ஏற வேண்டும். 20 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தை நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் குழியின் ஆழம் 5.6 சென்டிமீட்டர்: நடுவில் 2.8 இறக்கம், ஓரத்தில் 2.8 ஏற்றம். நம் 12 சென்டிமீட்டர் உயரப் பாத்திரத்தைப் பாதியளவு நிரப்பி, வேகத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 147 சுற்றில் தண்ணீர் விளிம்பைத் தொடும். அதே கணத்தில் நடுவில் பாத்திரத்தின் அடி தெரியும். பாதிக்கு ஒரு தம்ளர் அதிகம் ஊற்றியிருந்தால் அடி தெரிவதற்கு முன்பே வழிந்துவிடும். ஒரு தம்ளர் குறைவாக ஊற்றியிருந்தால் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே அடி தெரிந்துவிடும்.

உத்தராகண்டில் நைனிடாலை அடுத்த தேவஸ்தல் மலைமேல் இதே வித்தையில் ஒரு தொலைநோக்கி இயங்குகிறது. 2022இல் முதன்முதலாக வானத்தைப் படம்பிடித்த அந்தப் பன்னாட்டுத் தொலைநோக்கியின் கண்ணாடி 4 மீட்டர் அகலம். ஆனால் கண்ணாடியே இல்லை, சுழலும் பாதரசம். ஏறக்குறைய 8 விநாடிக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் குவியத் தூரம் 8 மீட்டர். இந்த அளவுகளைப் போட்டால் குழியின் ஆழம் 12.5 சென்டிமீட்டர் என்று வருகிறது. வாய் நான்கு மீட்டர், ஆழம் ஒரு சாண்கூட இல்லை. தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் குழிந்தது, அவ்வளவுதான்.

தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் பாதரசத்தை ஊற்றிச் சுழற்றினால் எவ்வளவு பாதரசம் தேவைப்படும்? 4 மீட்டர் அகலமும் 12.5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உருளை 1,570 லிட்டர். குழி அதில் பாதி. மற்றப் பாதியான 785 லிட்டரும் பாதரசமாக இருந்தாக வேண்டும். லிட்டருக்கு 13.6 கிலோ வீதம் பத்தரை டன்னுக்கு மேல். அதைச் சுழலும் தாங்கியில் நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. எனவே தட்டின் அடியையே முன்கூட்டிப் பரவளையமாகச் செய்துவிடுகிறார்கள். உருளையில் குழிக்கு வெளியே உள்ள அந்தப் பாதியைத் தட்டே அடைத்துக்கொள்கிறது. பாதரசம் மேலே ஒரு மெல்லிய படலமாக இருந்தால் போதும். அவர்கள் பயன்படுத்துவது 50 லிட்டர் அளவு, எடை 700 கிலோவை ஒட்டி. 4 மீட்டர் வட்டத்தில் பரப்பினால் படலம் சுமார் 4 மில்லிமீட்டர்.

படலம் இவ்வளவு மெல்லியது என்பதால் வேகத்தில் விளையாட முடியாது. சுற்றும் நேரம் ஒரே ஒரு சதவீதம் கூடினால் குவியம் 16 சென்டிமீட்டர் மேலே போய்விடும். குழியின் ஆழம் 12.5இலிருந்து 12.25 சென்டிமீட்டராகக் குறையும். வித்தியாசம் 2.5 மில்லிமீட்டர். அது நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி பாதியாகப் பிரியும்: நடுவில் படலம் 1.25 மில்லிமீட்டர் தடித்து ஐந்தே கால் ஆகும், ஓரத்தில் 1.25 மெலிந்து இரண்டே முக்கால் ஆகும்.